‘சேதாரம் இல்லை’ என்று தரும் கொலுசு ஏன் விலை கூடுதல்?

சேலத்தில் கொலுசு எடுக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விதான் கேட்கிறார்கள். இன்னைக்கு கிராம் என்ன ரேட், சேதாரம் எவ்வளவு. “இது எத்தனை டச்?” என்று கேட்பவர் குறைவு. விலை ஏறுவதும் இறங்குவதும் அந்த மூன்றாவது கேள்வியில்தான்.

டச் என்பது வேறொன்றுமில்லை. 100 கிராம் பொருளை உருக்கினால் அதில் சுத்த வெள்ளி எத்தனை கிராம் என்ற கணக்கு. மீதி பெரும்பாலும் செம்பு. 92.5 டச் என்பதைத்தான் 925 என்று முத்திரை போடுகிறார்கள். செவ்வாய்ப்பேட்டை, பனங்காடு, சிவதாபுரம் பக்கம் பட்டறைக்காரரும் வியாபாரியும் தங்களுக்குள் பேசுவது முழுக்க டச் கணக்கில்தான். சில்லறைக்கு வரும் நம்மிடம் மட்டும் அது பேச்சில் வராது.

கடைப் பலகையில் எழுதியிருப்பது சுத்த வெள்ளியின் ரேட். ஆனால் பல கடைகளில் அதே ரேட்டைக் கொலுசின் மொத்த எடைக்கும் போடுகிறார்கள். அதாவது உள்ளே இருக்கும் செம்புக்கும் வெள்ளி விலை.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். சுலபமாக இருக்கட்டும் என்று கிராம் 100 ரூபாய் என வைத்துக்கொள்வோம். இரண்டு ஜோடி, இரண்டுமே 100 கிராம். முதல் கடையில் “சேதாரம், கூலி எதுவும் கிடையாது” என்கிறார்கள். 10,000 ரூபாய், ஜிஎஸ்டி 3 சதவீதம் சேர்த்து 10,300. கொலுசு 65 டச். இரண்டாவது கடையில் 925 ஹால்மார்க் கொலுசு, கூலி 15 சதவீதம். 11,500, வரியோடு 11,845. பார்த்தவுடன் முதல் கடைதான் மலிவு என்று தோன்றும். இப்போது சுத்த வெள்ளியால் வகுத்துப் பாருங்கள். முதல் கடையில் நமக்குக் கிடைத்தது 65 கிராம் வெள்ளி, ஒரு கிராம் சுமார் 158 ரூபாய். இரண்டாவதில் 92.5 கிராம், ஒரு கிராம் சுமார் 128 ரூபாய். கூலியே இல்லாத கொலுசில் கிராமுக்கு 30 ரூபாய் கூடுதலாகப் போயிருக்கிறது. பில்லில் அது எந்த வரியிலும் இருக்காது.

கடையில் நின்றபடி கைபேசியிலேயே இதைப் போடலாம்: வரி உட்பட மொத்தத் தொகை ÷ (எடை × டச் ÷ 100). எந்தக் கடை, எந்த டிசைன் என்றாலும் இந்த ஒரு எண்ணை வைத்து ஒப்பிட்டால் போதும். எடையைக் கல், எனாமல், அட்டை, நூல் எல்லாம் கழித்துக் கேளுங்கள். குத்துவிளக்கு, சாமி சிலை மாதிரி உள்கூடு உள்ள பொருளில் அரக்கு அடைத்திருக்கலாம். அதையும் கேட்டு, கழித்த எடையைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள்.

65 டச் கொலுசு விற்பதே மோசடி என்று நான் சொல்ல வரவில்லை. செம்பு கூடினால் உழைக்கும் தன்மை கூடும், கையில் காசு குறைவாக இருப்பவர்களுக்கும் கொலுசு வேண்டும். 65 டச்சை 65 என்று சொல்லி அதற்கான விலை வாங்கினால் அது நேர்மையான வியாபாரம். சொல்லாமல் முழு ரேட் போடுவதுதான் தப்பு.

சரி, டச்சை எப்படித் தெரிந்துகொள்வது? கொக்கியில் ‘925’ என்று வெறும் எண் இருந்தால் அதை நம்ப வேண்டாம். அந்த அச்சை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். முறையான ஹால்மார்க்கில் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் முக்கோணச் சின்னம், SILVER என்ற சொல், தர எண், எழுத்தும் இலக்கமும் கலந்து மொத்தம் ஆறு இடம் வரும் HUID என்ற தனி அடையாள எண் இருக்கும். 2025 செப்டம்பர் 1 முதல்தான் வெள்ளிக்கு இந்த HUID வந்தது. தங்கத்துக்கு இது கட்டாயம், வெள்ளிக்குக் கடைக்காரர் விருப்பம். 800, 835, 925, 958, 970, 990, 999 என ஏழு தரங்கள்தான் உண்டு, 65 டச்சுக்கு இந்த முத்திரை கிடைக்கவே கிடைக்காது. BIS Care செயலியில் Verify HUID போய் எண்ணைத் தட்டினால் தரமும் பொருளின் வகையும் வரும். வகையையும் பாருங்கள். கையில் கொலுசு இருக்க, செயலி மோதிரம் என்று காட்டினால் எங்கிருந்தோ எடுத்து அடித்த எண் அது. ஹால்மார்க் பொருளில் தரம் குறைந்தது நிரூபணமானால், குறைந்த வெள்ளியின் மதிப்பைப் போல இரண்டு மடங்கும் சோதனைக் கட்டணமும் கேட்டு வாங்க விதி இருக்கிறது.

ஹால்மார்க் இல்லாத கொலுசை டச் பார்க்கும் மிஷினில் வைத்து “பாருங்க, 85 காட்டுது” என்பார்கள். இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். அந்தக் கதிர் மிஷின் மேல்தோலை மட்டுமே படிக்கிறது. கொலுசைச் சூடாக்கி நீர்த்த அமிலத்தில் போட்டு வெளுக்கும்போது மேற்பரப்பிலுள்ள செம்பு கரைந்து வெள்ளி மட்டும் மிஞ்சும். அதற்குமேல் பாலிஷ் முலாமும் ஏறியிருந்தால் கேட்கவே வேண்டாம். போதாக்குறைக்கு, ஒரு கொலுசில் எத்தனையோ வளையம், முத்து, சலங்கை. ஒவ்வொன்றும் பொடி எனப்படும் பற்றாசு வைத்துப் பற்றவைத்தது. பொடியில் வெள்ளி குறைவு, செம்பும் துத்தநாகமும் அதிகம். அதனால் கம்பியில் இருக்கும் டச் ஒன்று, மொத்தக் கொலுசையும் உருக்கினால் வரும் டச் இன்னொன்று, பெரும்பாலும் இரண்டாவதுதான் குறைவு. எனவே “கம்பி டச்சா, உருக்கு டச்சா?” என்று கேளுங்கள். மிஷினில் வைப்பதானால் கொக்கியின் உட்பக்கத்தில் லேசாக அரம் போட்டுவிட்டு, அந்த இடத்தையும் ஒரு பற்றையும் தனித்தனியே வைக்கச் சொல்லுங்கள்.

கொலுசு கறுத்துவிட்டது என்பதற்காகப் போலி என்று சண்டைக்குப் போகாதீர்கள். நல்ல வெள்ளியும் காற்றிலுள்ள கந்தகத்தால் கறுக்கும். உராயும் இடத்தில் சிவப்போ மஞ்சளோ எட்டிப் பார்த்தால்தான் சந்தேகப்பட வேண்டும். காந்தச் சோதனையும் அரைகுறைதான். இரும்பைக் காட்டிக்கொடுக்கும், பித்தளையையும் ஜெர்மன் சில்வரையும் விட்டுவிடும். ஜெர்மன் சில்வரில் பெயரைத் தவிர வெள்ளியே கிடையாது.

வெள்ளிக் காசு விஷயம் இதைவிட எளிது, ஏனென்றால் காசு பற்று எதுவும் இல்லாத ஒரே கட்டி. 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு ஒன்று போதும். முதலில் காசை எடை போடுங்கள். பிறகு ஒரு டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்துப் பூஜ்ஜியமாக்கி, காசை மெல்லிய நூலில் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் முழுக்க முக்குங்கள். 10 கிராம் வெள்ளிக் காசுக்கு 0.95, 0.96 என்று காட்டும். ஜெர்மன் சில்வர் என்றால் 1.15 பக்கம் போய்விடும். பூஜைக்கு வாங்கும் பழைய ராணிக் காசுக்கும் இதே வழி. விக்டோரியா ரூபாயின் எடை 11.66 கிராம், தண்ணீரில் சுமார் 1.13 காட்ட வேண்டும், தேய்ந்த காசில் இரண்டும் சற்றுக் குறையும். ஜார்ஜ் ரூபாயில் வருடம் பாருங்கள். 1940 முதல் 1945 வரை அடித்ததில் வெள்ளி பாதிதான். இந்தச் சோதனை போலியைப் பிடிக்கும், 925-ஐயும் 999-ஐயும் பிரித்துச் சொல்லாது. அரக்கு அடைத்த பொருளுக்கும் சலங்கைக் கொலுசுக்கும் உதவாது.

நம்பகமான கடை எது என்று கேட்பவர்களுக்கு: டச், கழித்த எடை, கூலி, திரும்பக் கொடுத்தால் எந்தக் கணக்கில் எடுப்பார்கள், இந்த நான்கையும் பில்லில் எழுதித் தரும் கடை. “நம்ம கடைக்குக் கொண்டு வாங்க, பாத்துக்கலாம்” என்பதில் ஒரு கணக்கும் இல்லை. “அன்றைய ரேட்டில் இத்தனை டச்” என்று எழுதினால் அது கணக்கு. எழுதச் சொன்னதும் முகம் மாறுகிற கடையென்றால், சேலத்தில் வெள்ளிக் கடைக்கா பஞ்சம், அடுத்த கடைக்குப் போங்கள்.