ஃபோர்ட்டியின் 'யூ' எங்கே போனது?

ஃபோரில் 'யூ' இருக்கிறது. ஃபோர்ட்டீனிலும் இருக்கிறது. ஃபோர்ட்டியில் மட்டும் காணவில்லை. கிளிநொச்சியில் தரம் 5 படிக்கும் என் மகள், சொல்வதெழுதலில் அந்த 'யூ'வைச் சேர்த்து எழுதி ஒரு புள்ளியை இழந்துவிட்டு வந்து நிற்கிறாள். கோதாரி, அவள் யோசித்ததில் என்ன பிழை?

முன்னொரு காலத்தில் ஆங்கிலேயரே 'யூ' போட்டு எழுதியிருக்கிறார்கள். 16ஆம் நூற்றாண்டளவில் அது இல்லாத வடிவம் தலைகாட்டி, பிறகு அதுவே நிலைத்துவிட்டது. பழைய உச்சரிப்பில் ஃபோரின் உயிரொலி வேறு, ஃபோர்ட்டியின் உயிரொலி வேறு. ஸ்கொட்லாந்தில் சிலர் இன்றும் அப்படிப் பிரித்துத்தான் சொல்கிறார்கள். சரி, சத்தத்துக்கு ஏற்ப எழுத்து என்றே வைத்துக்கொள்வோம். எங்கள் காதில் இரண்டும் ஒன்றாகத்தானே விழுகின்றன? பிள்ளை எதைக் கேட்டு எழுதுவது?

அப்புறம் இந்த நைன்டி. அதில் நடுவில் 'ஈ' இருந்தே ஆகவேண்டும். நைன்த் என்றால் அதே 'ஈ'யைத் தூக்கிவிட வேண்டும். எயிட்த் இன்னும் மோசம். எயிட்டின் கடைசி 'டீ'யும் வாயில் வருகிறது, அதன்பின் 'த்' ஒலியும் வருகிறது. எழுதும்போது இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு 'டீ'தான். எயிட்டியிலும் அதே கஞ்சத்தனம்.