இரணைமடுக் குளத்தடியில் டாங்கி எங்கிருந்து வந்தது?

குளத்தை ஆங்கிலத்தில் டாங்க் என்று எழுதுவது எங்களுக்குப் பழகிப்போனது. பெயர்ப்பலகையிலும் வரைபடத்திலும் இரணைமடு டாங்க், வவுனிக்குளம் டாங்க் என்றுதான் பார்த்திருக்கிறோம். இலங்கைக்குள் அதை வாசிக்கிற எவருக்கும் அது குளம். ஆனால் சொல்லை எழுதிக் கொடுத்தால் படம் வரைந்து தரும் செயலிகள் இப்போது எல்லார் போனிலும் வந்துவிட்டன. அங்கே அந்தச் சொல்லை எழுதினால் பல தடவை வருவது குளம் அல்ல, யுத்த டாங்கி. வன்னியில் நோட்டீஸ், பதாகை, சிறுவர் புத்தகம் செய்கிறவர்கள் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு காலபோகக் கூட்டத்துக்கு அடித்த நோட்டீஸ் கைக்கு வந்தது. மாலை வெயிலில் மின்னும் தண்ணீர், கரையில் வெள்ளைக் கொக்கு, பார்க்க அழகுதான். பின்னால் மரங்களுக்கு நடுவே சங்கிலிச் சக்கரத்தோடு ஒரு கவச வண்டி. சித்தி கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இதென்ன தம்பி, குளத்தடியில டாங்கி நிக்குது?" என்று கேட்டார். 2009இல் இந்த மண்ணில் இருந்து உயிரோடு வெளியேறிய மனுசி அவர். விதைப்பு எப்போது, தண்ணீர் எப்போது திறப்பது என்று சொல்ல வந்த தாளில் அவர் கண்ணில் முதலில் பட்டது அந்த வண்டி. அது எனக்குப் பொறுக்கவில்லை.

படத்தைச் செய்த தம்பியிடம் என்ன எழுதிக் கொடுத்தாய் என்று கேட்டேன். காட்டினார்:

```
a crane on the bank of a tank in Kilinochchi, sunset
```

கிளிநொச்சிக் குளக்கரையில் ஒரு கொக்கு என்பதுதான் அவர் நினைத்தது. எங்களில் யார் வாசித்தாலும் அப்படித்தான் விளங்கும். ஆனால் இந்த ஒரே வரியில் இரட்டைப் பொருள் சொற்கள் மூன்று இருக்கின்றன. கிரேன் பறவையும் ஆகும், பாரம் தூக்கும் இயந்திரமும் ஆகும். பேங்க் கரையும் ஆகும், வங்கியும் ஆகும். டாங்க் குளமும் ஆகும், தண்ணீர்த் தாங்கியும் ஆகும், யுத்த டாங்கியும் ஆகும்.

செயலி இதை எப்படி வாசிக்கிறது? ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற படம் வரையும் செயலியின் முதல் பதிப்புகளை எடுத்துக்கொள்வோம். அதில் நாம் எழுதும் வரியைக் கிளிப் என்ற பகுதி வாசிக்கிறது. இணையத்திலிருந்து எடுத்த சுமார் 40 கோடி படங்களையும் அவற்றோடு இருந்த ஆங்கில வரிகளையும் சேர்த்துப் பார்த்துப் பழகியது அது. ஒவ்வொரு சொல்லையும் எண்களின் நீண்ட வரிசையாக மாற்றுகிறது. கிரேன் என்ற சொல்லுக்கான எண்களுக்குள் பறவையும் இயந்திரமும் கலந்தே கிடக்கின்றன. எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதைப் பக்கத்துச் சொற்கள்தான் தீர்மானிக்கின்றன. பக்கத்தில் இறகு, கூடு என்று இருந்தால் பறவைப் பக்கம் சாயும். இந்த வரியிலோ பக்கத்துச் சொற்களே தடுமாறுகின்றன. குளத்தை டாங்க் என்பது தெற்காசியப் பழக்கம். உலகத்துப் படங்களில் அந்தச் சொல்லோடு அதிகம் வருவது கவச வண்டியும் மீன்தொட்டியும் தாங்கியும்தான். போதாக்குறைக்குக் கிளிநொச்சி என்ற ஊர்ப்பெயர். வெளியுலகத்துக்கு அந்தப் பெயரோடு போன படங்களில் பெரும்பகுதி போர்ச் செய்திப் படங்கள். ஊர்ப்பெயரே டாங்கிப் பக்கம் தள்ளியிருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

படம் ஒரேயடியாக வருவதில்லை. தாறுமாறான புள்ளிகள் மட்டுமே உள்ள இரைச்சலில் தொடங்கிப் படிப்படியாகத் தெளிகிறது. எங்கே எது நிற்கும் என்பது ஆரம்பப் படிகளிலேயே ஏறக்குறைய முடிவாகிவிடும். அங்கே வண்டி மாதிரி ஒரு பருத்த உருவம் விழுந்துவிட்டால், பிந்திய படிகள் அதற்குச் சக்கரமும் இரும்புத்தகடும் போட்டு மெருகேற்றும்.

இன்னொரு சங்கதி. சொல்லுக்கு ஒரு படத்தில் ஒரு பொருள்தான் என்ற கட்டுப்பாடு செயலிக்குக் கிடையாது. ஒரே சொல்லுக்குக் கொக்கையும் வரைந்து பின்னால் இயந்திரத்தையும் வரைந்துவிடும். 2022இல் பார்-இலான் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் டாலி 2 செயலியில் இதைக் காட்டினார்கள். அவர்கள் கண்ட இன்னொன்று அதைவிட முக்கியம். கிரேன் என்ற சொல்லே இல்லாமல், நீண்ட கால்களும் நீண்ட கழுத்தும் உள்ள உயரமான பறவையும் ஒரு கட்டுமானத் தளமும் என்று எழுதினாலும் பாரம் தூக்கும் இயந்திரம் படத்துக்குள் வந்தது. ஆகவே சொல்லை மாற்றினால் மட்டும் போதாது. குளக்கட்டுத் திருத்த வேலையையும் கொக்கையும் ஒரே வரியில் எழுதுகிறவர்கள் இதைக் கவனியுங்கள்.

எந்தச் சொல் குழப்புகிறது என்று பிடிக்க ஒரு வழி இருக்கிறது. சீட் என்ற எண்ணை மாற்றாமல் வைத்துக்கொண்டு ஒவ்வொரு தடவையும் ஒரு சொல்லை மட்டும் மாற்றுங்கள். சீட் ஒன்றாக இருந்தால் தொடக்க இரைச்சலும் ஒன்றுதான். அப்போது படத்தில் தெரியும் வித்தியாசம் அந்தச் சொல்லால் வந்தது. தம்பியும் நானும் அப்படித்தான் செய்தோம். முதலில் `tank` எடுத்து `reservoir` போட்டோம், கவச வண்டி போய்விட்டது. கரையில் மஞ்சள் இரும்புச் சட்டம் ஒன்று மட்டும் மிச்சமிருந்தது. அடுத்து `crane` எடுத்து `great egret` போட்டோம். எங்கள் குளங்களில் நிற்கிற வெள்ளைக் கொக்குக்கு உண்மையில் அதுதான் பெயர், கிரேன் வேறு குடும்பத்துப் பறவை. இரும்புச் சட்டமும் போனது. கரைக்கும் ஊருக்கும் விளக்கமாக எழுதிய பிறகு வரி இப்படி ஆனது:

```
a great egret on a grassy earthen embankment
beside a wide irrigation reservoir,
dry zone of Sri Lanka, sunset
```

பிறகு சீட்டை மாற்றியும் பார்த்தோம். ஒரு சீட்டில் சரியாக வருவது தற்செயலாகவும் இருக்கலாம்.

பலரும் செய்வது, வரியின் கடைசியில் `no tank` என்று சேர்ப்பது. அதைச் செய்யாதீர்கள். கிளிப் மாதிரியான வாசிப்பானுக்கு மறுப்பு சரியாக விளங்காது. சொல்லைக் கண்டதும் அந்தப் பொருளின் பக்கம் இன்னும் சாயும். வேண்டாததை எழுத நெகட்டிவ் பிராம்ப்ட் என்று தனிப் பெட்டி இருந்தால் அங்கே `military tank` என்று போடலாம். அங்கே எழுதுவதிலிருந்து விலகும்படி ஒவ்வொரு படியிலும் படம் நகர்த்தப்படுகிறது. புதிய செயலிகள் சிலவற்றில் அந்தப் பெட்டி இல்லை. அவற்றில் பல, பெரிய மொழி மாதிரிகளை வாசிப்பானாக வைத்திருப்பதால் நீளமான வரியை நன்றாகவே புரிந்துகொள்கின்றன. ஆனாலும் நாலு சொல்லில் அவசரமாக எழுதினால் அவையும் தடம் மாறக்கூடும்.

அப்படியென்றால் தமிழிலேயே எழுதிவிடலாமே என்று கேட்பீர்கள். பழைய கிளிப்பில் தமிழ் எழுத்து துண்டு துண்டாக உடைந்து பொருளிழந்து போகும். ஒரு தமிழ் எழுத்துக்கே பல துண்டுகள் போய்விடும், மொத்தம் 77 துண்டுக்குத்தான் இடம். தமிழை ஏற்கும் செயலிகளில் சில உள்ளே ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டுத்தான் வரைகின்றன. குளம் அங்கே என்ன சொல்லாக மாறியது என்பது நமக்குத் தெரியாது. மாற்றிய வரியைக் காட்டும் செயலியாக இருந்தால் அதை ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

அச்சுக்குக் கொடுக்க முன் படத்தைப் பெருப்பித்துப் பாருங்கள். நடுவில் நிற்கும் கொக்கை எல்லாரும் பார்க்கிறோம். பிழை வருவது அதற்குப் பின்னால், மர இடுக்குகளில், தொடுவானத்தில். கொக்கின் கால் சட்டம் சட்டமாக இருந்தால் அதுவும் அடையாளம்தான்.

இரணைமடுவுக்கு என்றால் செயலியே தேவையில்லை என்பது என் கருத்து. வான் பாயும் நாளில் அங்கே போன் இல்லாமல் போகிறவர் யார்? ஒரு நல்ல படத்தைக் கேட்டு வாங்கிப் போடலாம். கட்டாயம் வரையத்தான் வேண்டும் என்றால் மேலே உள்ள வரியை எடுத்துக்கொள்ளுங்கள். துருசு, அலைகரை, வான்கதவு இவற்றுக்கும் இதே மாதிரி வரிகள் வேண்டும். வானுக்கு எங்கள் ஆட்கள் `spill` என்று எழுதுகிறார்கள். கடலில் எண்ணெய் கொட்டுவதற்கும் அதே சொல்தான், அதனால் `spillway gates of a dam` என்று எழுதிப் பாருங்கள். மற்ற இரண்டுக்கும் சரியாக வந்த வரி யாரிடமாவது இருந்தால் கீழே போடுங்கள்.