முறிந்த நட்பை எழுதும்போது நண்பரின் பக்கம்

முறிந்துபோன நட்பைப் பற்றிய பதிவுகளையும் கட்டுரைகளையும் விடாமல் படிக்கிறவன் நான். அவற்றில் வசை குறைவு. எழுதுகிறவர் பெரும்பாலும் பண்போடுதான் எழுதுகிறார். நண்பரின் பெயரைக்கூடச் சொல்வதில்லை. இருந்தும் படித்து முடிக்கும்போது யார் மீது தவறு என்பதில் நமக்குத் துளி ஐயமும் இருப்பதில்லை. எதை முதலில் சொல்வது, எந்த நிகழ்ச்சிக்கு இரண்டு பத்தி ஒதுக்குவது, எதை ஒரே வரியில் தாண்டிப் போவது என்ற தேர்விலேயே தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. இரு தரப்பையும் காட்ட விரும்புகிறவர் கவனிக்க வேண்டிய இடம் இந்தத் தேர்வுதான் என்று நினைக்கிறேன்.

பொதுவெளியில் இரு தரப்பு எழுத்தும் நமக்குக் கிடைக்கும் முறிவு ஒன்று உண்டு. பிரெஞ்சு எழுத்தாளர்களும் சிந்தனையாளர்களுமான சார்த்தரும் காம்யுவும் பாரிசில் 1952இல் பிரிந்த கதை அது. இருவரும் நேரில் சந்திக்கும் முன்பே ஒருவர் நூலுக்கு மற்றவர் மதிப்புரை எழுதியவர்கள். 1943இல் சார்த்தரின் நாடக அரங்கேற்றத்தில் அறிமுகமாகி, போர் முடிந்த ஆண்டுகளில் நெருங்கிப் பழகியவர்கள். கலகத்தையும் புரட்சியையும் பற்றிய காம்யுவின் நூல் 1951 அக்டோபரில் வெளிவந்தது. வரலாற்றின் பெயரால் நடக்கும் கொலைகளை நியாயப்படுத்தும் இடதுசாரிச் சிந்தனையை அது கடுமையாக விமர்சித்தது. சார்த்தர் நடத்திய ‘லே தாம் மொதேர்ன்’ இதழில் பல மாதங்கள் அந்த நூலுக்கு மதிப்புரையே வரவில்லை. 1952 மே மாதம் பிரான்சிஸ் ழான்சோன் என்ற இளைஞர் எழுதிய நீண்ட, இரக்கமற்ற மதிப்புரை வந்தது.

இந்த இடத்தில் ஒருவர் பக்கம் மட்டும் நின்று கதை சொல்வது மிக எளிது. காம்யுவின் இடத்திலிருந்து பார்த்தால், நெருங்கிய நண்பரான சார்த்தர் தன் இதழில் காம்யுவைத் தாக்க ஓர் இளைஞரிடம் பேனாவைக் கொடுத்தார். தான் எழுதவும் இல்லை, தடுக்கவும் இல்லை. சார்த்தரின் இடத்திலிருந்து பார்த்தால், ஆசிரியர் குழுவில் எவருக்கும் அந்த நூல் பிடிக்கவில்லை. நட்புக்காக மௌனம் காத்தால் அது நூலுக்கும் அவமதிப்பு, இதழுக்கும் நேர்மையின்மை. யாராவது ஒருவர் எழுதித்தான் ஆக வேண்டும். இரண்டும் உண்மை. சார்த்தர் ஆசிரியராக நடந்துகொண்ட அதே செயலை, நண்பராக நடக்கத் தவறிய செயலாகக் காம்யு வாசித்தார். ‘ஏழு மாதம் மதிப்புரை வரவில்லை’ என்ற ஒரே தகவலை ஒருவர் அலட்சியத்துக்குச் சான்றாக வைக்கலாம், இன்னொருவர் தயக்கத்துக்குச் சான்றாக வைக்கலாம். நியாயமாக எழுத நினைக்கிறவர் அந்தத் தகவலோடு இரண்டு வாசிப்புகளையும் வாசகர் கையில் கொடுக்க வேண்டும்.

அவர்களே என்ன எழுதினார்கள் என்று பார்க்கலாம். காம்யு தன் மறுப்பை ழான்சோனுக்கு எழுதாமல், சார்த்தரைப் பெயர் சொல்லாமல் ‘ஐயா, ஆசிரியர் அவர்களுக்கு’ என்ற பொருளில் விளித்து எழுதினார். அந்த விளிப்பிலேயே காயம் முழுவதும் இருக்கிறது. ஆகஸ்ட் இதழில் அந்தக் கடிதத்தோடு வெளிவந்த சார்த்தரின் பதில், தங்கள் நட்பு எளிதானதாக இருக்கவில்லை என்றாலும் அதன் இழப்புக்கு வருந்துவேன் என்று தொடங்குகிறது. நடுவில், 1945 காலத்துக் காம்யு தங்கள் தலைமுறைக்கு என்னவாக இருந்தார் என்பதை மனம் நிறைந்து சொல்கிறது. ஆனால் அந்த இரண்டு இடங்களுக்கும் இடையில், நெருங்கிப் பழகியதால் மட்டுமே ஒருவருக்குத் தெரியக்கூடிய பலவீனங்களைத் தேடி அடிக்கிறது: காம்யுவின் தற்பெருமை, எளிதில் புண்படும் இயல்பு, தத்துவ நூல்களை மூலத்தில் வாசிக்காத அவசரம். என்னை இன்றும் உறுத்துவது இதுதான். அந்தக் கடிதத்தில் அன்பும் இருக்கிறது, நியாயமும் இருக்கிறது. ஆனால் அன்பு அடிக்கு வலுச் சேர்க்கும் இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. நல்ல நாட்களை நினைவுகூர்ந்துவிட்டதாலேயே ஓர் எழுத்து இரு தரப்பையும் காட்டியதாகிவிடாது.

1960 ஜனவரி 4ஆம் தேதி காம்யு கார் விபத்தில் இறந்தார். மூன்று நாட்களில் வெளிவந்த அஞ்சலியில் சார்த்தர் தங்களுக்குள் மனத்தாங்கல் இருந்ததை மறைக்கவில்லை. மனத்தாங்கல் ஒன்றும் பெரிதல்ல, அதுவும் சேர்ந்து வாழும் இன்னொரு வகைதான் என்று எழுதிவிட்டு, தான் படிக்கும் பக்கத்தின் மீது காம்யுவின் பார்வையை உணர்ந்து, ‘இதைப் பற்றி அவர் இப்போது என்ன சொல்வார்’ என்று கேட்டுக்கொண்டிருந்ததைச் சொன்னார். 1952இன் வாதத்தை மீண்டும் எடுக்கவில்லை. தான் சொன்னது சரி என்றும் சொல்லவில்லை, தவறு என்றும் சொல்லவில்லை. பதில் சொல்ல முடியாதவரோடு வாதாடக் கூடாது என்ற அடக்கம் அதில் இருக்கிறது. உயிரோடிருக்கும் நண்பரைப் பற்றி எழுதும்போதும் இந்த அடக்கம் தேவைப்படுகிறது. நாம் ஆயிரம் சொற்களில் எழுதுவதற்கு அவர் ஒரு பின்னூட்டத்தில்தான் பதில் சொல்ல முடியும். அதையும் அவர் விரும்பமாட்டார்.

இனி நம் வீட்டுப் பக்கம் நடக்கக்கூடிய ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். இது நான் கற்பனையில் அமைத்தது. உண்மையில் நடந்த ஒன்றை எடுத்தால், கூடாது என்று சொல்லப்போவதை நானே செய்தவனாவேன். கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்த இரண்டு தோழிகள். ஒருத்தியின் அப்பா கோவில்பட்டிக்குப் பக்கத்துக் கிராமத்தில் இறந்துபோகிறார். மதுரையில் இருக்கும் தோழி எடுப்புக்கும் வரவில்லை, பதினாறாம் நாள் காரியத்துக்கும் வரவில்லை; தொலைபேசியில் மட்டும் பேசினாள். சில மாதங்கள் கழித்து அவளுக்கு நடந்த வளைகாப்புக்கு இவளுக்கு அழைப்பு இல்லை. அதன் பிறகு பேச்சு இல்லை.

தந்தையை இழந்தவள் எழுதினால் கட்டுரை இப்படித் தொடங்கும்: ‘இரண்டு மணி நேரப் பேருந்துப் பயணம். அவளால் வர முடியவில்லை.’ இரண்டும் உண்மையான வாக்கியங்கள். அடுத்தடுத்து வைத்ததும் குற்றச்சாட்டாகிவிடுகின்றன. மதுரையில் இருப்பவளுக்கு அப்போது மூன்றாம் மாதம். கர்ப்பிணி இழவு வீட்டுக்குப் போகக் கூடாது என்பது அந்த வீட்டுப் பெரியவர்களின் கட்டளை. முன்பு ஒருமுறை கரு கலைந்திருந்ததால் இந்தச் செய்தியை அவள் யாரிடமும் சொல்லவும் இல்லை. வளைகாப்புக்கு அழைக்காததும் அவள் முடிவல்ல; இறப்பு நடந்து ஓராண்டு நிறையாத வீட்டிலிருந்து சுப காரியத்துக்கு யாரையும் அழைக்க வேண்டாம் என்றார்கள். அவள் பக்கத்திலும் ஒரு காயம் இருக்கிறது: குழந்தை பிறந்த பிறகு அவள் அழைத்தபோதெல்லாம் இவள் எடுக்கவில்லை.

இதை எழுதும்போது முதல் சிக்கல் வரிசை. தோழியின் காரணத்தைக் கட்டுரையின் கடைசியில், ‘பிறகுதான் தெரிந்தது’ என்று ஒரு வரியில் சேர்த்தால், அதற்குள் வாசகர் அவள் மீது கோபப்பட்டு முடித்திருப்பார். கடைசி வரியால் அந்தக் கோபத்தை அழிக்க முடியாது. அன்று எனக்குத் தெரிந்தது இவ்வளவு, அவளுக்குத் தெரிந்தது இவ்வளவு என்று அந்த நாளைச் சொல்லும் இடத்திலேயே இரண்டையும் வைப்பது நல்லது. இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. விடுதிக் காலத்தின் ஏதோ ஒரு சிறு நிகழ்வைச் சொல்லி ‘அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்’ என்று எழுதுகிறோம் அல்லவா, அந்த வரி பின்னோக்கிச் சென்று நல்ல ஆண்டுகளையும் கெடுத்துவிடுகிறது. இன்றைய கசப்பின் வெளிச்சத்தில் பழைய சிரிப்பைக் காட்டக் கூடாது. அன்று அது வெறும் சிரிப்பாக இருந்தது என்றால் அப்படியே எழுதலாம்.

இரண்டாவது சிக்கல் இன்னும் கடினமானது. அவளுடைய பக்கத்தை விளக்கும் ஒரே உண்மை, அவள் யாரிடமும் சொல்லாத உண்மை. கலைந்த கருவைப் பற்றி எழுதினால் அவளுக்கு நியாயம் செய்ததுபோலத் தோன்றும்; உண்மையில் அவள் வாழ்க்கையிலேயே மிக அந்தரங்கமான செய்தியை அவளைக் கேட்காமல் ஊருக்குச் சொன்னதாகும். பெயரை மறைப்பது இங்கே உதவாது. நம் பதிவைப் படிப்பவர்களில் பாதிப் பேர் கல்லூரித் தோழிகள். மதுரை என்ற ஒரு சொல்லே அவர்களுக்குப் போதும். எனவே, ‘வர முடியாததற்கு வலுவான காரணம் அவளிடம் இருந்தது. அதை நான் இப்போது அறிவேன். அதைச் சொல்வது அவளுடைய உரிமை’ என்று எழுதி நிறுத்துவதே சரி. காரணம் தெரியாவிட்டாலும், காரணம் இருந்தது என்று அறிந்தாலே வாசகர் அவளைப் பார்க்கும் விதம் மாறும். கட்டுரைக்கு ஒரு வலுவான காட்சி குறையும். அந்த நட்டத்தை எழுதுகிறவர் ஏற்கத்தான் வேண்டும். வாட்ஸாப் உரையாடலின் திரைப்பிடிப்பை ஆதாரமாக ஒட்டுவதையும் இதே காரணத்துக்காகத்தான் மறுக்கிறேன். அந்தச் சொற்கள் ஒருவருக்கு மட்டும் எழுதப்பட்டவை.

வினைச்சொற்களையும் ஒருமுறை தனியாகப் படித்துப் பார்க்கலாம். நான் ‘சொன்னேன்’ என்றும் அவள் ‘சமாளித்தாள்’ என்றும் வந்திருந்தால், அவள் பேசியது எனக்குத் தெரியும், சமாளித்தாள் என்பது என் ஊகம். ஊகத்தை எழுதலாம், ஆனால் ‘எனக்கு அப்படித் தோன்றியது’ என்று அது யாருடையது எனச் சொல்லி எழுத வேண்டும். அவள் மனத்துக்குள் நுழைந்து அவள் நினைத்ததாக எழுதுவது, அனுதாபத்தோடு செய்தாலும், எல்லை மீறல்தான்.

பெரும்பாலான பதிவுகள் ‘நான் அவளை மன்னித்துவிட்டேன்’ என்று முடிகின்றன. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. மன்னிப்பு என்ற சொல் வந்தவுடன் தவறு அவளுடையது என்று முடிவாகிவிடுகிறது. மன்னிக்கிற உயரத்தில் நாம் ஏறி நின்றுகொள்கிறோம். இன்னும் கோபம் இருந்தால் கோபம் இருக்கிறது என்று எழுதுவதே அவளுக்கு மரியாதை, ஏனென்றால் கோபத்தோடு அவளால் வாதாட முடியும், மன்னிப்போடு முடியாது.

எல்லா முறிவுக்கும் இது பொருந்தாது. பணத்தை ஏமாற்றியவரையோ, அடித்தவரையோ, மிரட்டியவரையோ பற்றி எழுதும்போது இரு பக்கமும் தேடி அலைய வேண்டிய கடமை யாருக்கும் இல்லை. நடந்ததை நடந்தபடி சொன்னால் போதும். நான் பேசுவது இருவரும் நல்லவர்களாகவே இருந்தும் பிரிந்துபோன நட்புகளைப் பற்றி.

அப்படிப்பட்ட நட்பில், தொடர்புகொள்ள ஒரு வழி மிச்சம் இருந்தால், வெளியிடும் முன் எழுதியதை அவருக்கு அனுப்பலாம். நாள், இடம், யார் முதலில் அழைத்தது போன்றவற்றில் அவர் திருத்தம் சொன்னால் ஏற்றுக்கொள்ளலாம். தன்னைப் பற்றிய ஒரு செய்தியை நீக்கச் சொன்னால் காரணம் கேட்காமல் நீக்கலாம். நமக்கு அது எப்படி வலித்தது என்பதை மாற்றச் சொன்னால் மறுக்கலாம். பதிலே வராமலும் போகலாம். அப்போது ‘அனுப்பினேன், பதில் இல்லை’ என்று பதிவில் சேர்க்காமல் இருக்க வேண்டும்; அந்த ஒரு வரி, அதுவரை காப்பாற்றிய சமநிலையைக் கவிழ்த்து அவரை மறுபடியும் வராதவராக ஆக்கிவிடும்.