ஒரு C-க்காக ஒரு கடிதம்

ஆமாம், என் மாணவன் ஒருவனுக்கு ஏன் 5 மார்க் என்று விளக்கிய அந்தக் கடிதத்தை எழுதியது நான்தான். வகுப்புக் குழுவில் போட்டது, "தப்பாப் போட்டவனுக்கு 6, சரியாப் போட்டவனுக்கு 5" என்ற தலைப்போடு சுற்றி என் போனுக்கே திரும்பி வந்தது. பல்லாவரம் தாண்டும்போது ரயிலில் படித்தேன். சரி, இங்கேயும் சொல்கிறேன்: மார்க் வழிக்கு. விடைக்கு ஒன்றே ஒன்றுதான்.

கேள்வி x·dy/dx + 2y = x³, y(1) = 1. எட்டு மார்க். x-ஆல் வகுத்தால் 1. இன்டகிரேட்டிங் ஃபேக்டர் x² என்று கண்டால் 2. x²y = ∫x⁴ dx என்று எழுதினால் 2. இன்டகிரேட் செய்து அங்கேயே C போட்டால் 1. C-யின் மதிப்புக்கு 1, விடைக்கு 1.

முதல் பையன் x⁵/5-க்குப் பதிலாக x⁵/4 என்று எழுதிவிட்டான். அந்த வரிக்கும் விடைக்கும் மார்க் போச்சு. ஆனால் தன் வரியிலிருந்து C = 3/4 என்று ஒழுங்காக எடுத்தான், அதற்கு உண்டு. மொத்தம் 6.

இரண்டாமவன் சரியாக x²y = x⁵/5 என்று எழுதினான், C இல்லாமல். x²-ஆல் வகுத்த பிறகு ஞாபகம் வந்து ஒட்டினான்: y = x³/5 + C. C = 4/5. சரியான விடை x³/5 + 4/(5x²). "அதே 4/5 தானே சார்? x = 1 போட்டா 1 வருதே!" வரும். 4/5-ஐ 1-ஆல் வகுத்தால் எந்தத் தப்பு தெரியும்? கேள்வியிலேயே போட்டுப் பார், x³ + 8/5 வருகிறது. அந்த 8/5 யாருடையது?

முதல் பையனுடையதும்தான் பொருந்தாது என்பீர்கள். உண்மை, 5x³/4 வருகிறது. அவனுக்கும் விடை மார்க் இல்லையே! அவன் தவறியது ஒரு வகுத்தலில். இவன் C-யைக் கடைசியில் வைக்கும் பொட்டு என்று நினைக்கிறான். x பெரிதாகப் பெரிதாக C/x² தேய்ந்து போகும், இவனுடைய C அசையாமல் நிற்கும். இரண்டும் ஒன்றா? சக ஆசிரியர் ஒருவர், "நானா இருந்தா C மதிப்புக்கு ஒரு மார்க் போட்டிருப்பேன்" என்றார். போடட்டும்.

நான் படித்த காலத்தில் ஒரு மைனஸ் குறி விட்டுப்போனதற்குப் பக்கம் முழுக்கக் குறுக்குக் கோடு போட்டுப் பூஜ்ஜியம் வைத்தார்கள். எங்கே தப்பு என்று கேட்கக்கூட வழியில்லை. அதனால்தான் ஒவ்வொரு வரிக்கும் ஓரத்தில் பென்சிலால் மார்க் எழுதுகிறேன். ஒரு பேப்பருக்குப் பத்து நிமிடம், அறுபத்து மூன்று பேப்பர். அதற்குக் கிடைத்த பெயர் "லெட்டர் சார்", "வேலை இல்லாதவர்". இருக்கட்டும். கடிதமே எழுதாமல் வெறும் 5 என்று போட்டிருந்தால் இந்தச் சத்தம் வந்திருக்காது.

தம்பி, செவ்வாய்க்கிழமை இரண்டாவது பீரியட், பேப்பரோடு வா. பலகையில் உன் விடையைக் கேள்வியில் நீயே போட்டுப் பார். அந்த 8/5 மறைந்தால் அந்த மூன்று மார்க்கும் உனக்கு.