டெமோ கிளாஸ் ரெஜிஸ்டரில் இரண்டாம் நாள்தான் முக்கியம்

ஜூன் பிறந்தால் கடலூரில் மஞ்சக்குப்பத்திலிருந்து முதுநகர் வரை "இலவச டெமோ கிளாஸ்" போர்டுதான். தவறே இல்லை. ஆனால் பெரும்பாலான டியூஷன் சென்டர்களில் டெமோ என்றால் ஒரே நாள், ஒரு மணி நேரம். ஒரு நோட்டில் பெயரும் போன் நம்பரும் எழுதி வாங்கிக்கொள்வார்கள். மாதக் கடைசியில் "நாற்பது பேர் பேர் கொடுத்தாங்க, பதினொண்ணுதான் சேர்ந்துச்சு" என்று வருத்தப்படுவார்கள். அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு எதையும் சரிசெய்ய முடியாது. டெமோவை மூன்று நாள் வையுங்கள், ஒவ்வொரு நாளுக்கும் தனி வருகை எடுங்கள் என்பது என் உறுதியான கருத்து.

கூகுள் ஷீட் போதும். A பெயர், B பெற்றோர் நம்பர், C ஊர், D, E, F மூன்று நாள் வருகை, G போனில் பெற்றோர் என்ன சொன்னார்கள், H சேர்ந்த தேதி. வந்தால் Y, வராவிட்டால் N. வருகையைப் பிள்ளைகள் கையில் விடக்கூடாது, பக்கத்து சீட் நண்பனுக்கும் சேர்த்து டிக் போட்டுவிடுவார்கள். வகுப்பு தொடங்கிப் பத்து நிமிடத்தில் ஆசிரியரே தலை எண்ணிப் போட வேண்டும். இரண்டாம் நாளும் வந்து, பிறகு சேர்ந்தவர்கள் எத்தனை பேர் என்று பார்க்க:

```
=COUNTIFS(E2:E100,"Y",H2:H100,"<>")
```

இதனால் என்ன தெரியும்? ஓர் உதாரணம். திருப்பாதிரிப்புலியூரில் பத்தாம் வகுப்பு கணக்கு டியூஷன், மாலை 6.30 முதல் 8 மணி. பெயர் கொடுத்தவர்கள் 40, முதல் நாள் வந்தவர்கள் 28, இரண்டாம் நாள் 19. அந்த 19-ல் 11 பேர் சேர்ந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். பெயர் கொடுத்தவர்களில் பார்த்தால் கால்வாசிக்குச் சற்று மேல். இரண்டாம் நாள் வந்தவர்களில் பார்த்தால் பாதிக்கும் மேல். அப்படியென்றால் வகுப்பில் பெரிய குறை இல்லை, முதல் நாளுக்கும் இரண்டாம் நாளுக்கும் நடுவில்தான் ஓட்டை.

நின்றுபோன அந்த 9 பேரின் ஊரைப் பாருங்கள். ஆறு பேர் நெல்லிக்குப்பம், பண்ருட்டி பக்கம் என்றால் விஷயம் பாடத்தில் இல்லை, பஸ்ஸில் இருக்கிறது. எட்டு மணிக்கு விட்டால் வீடு போய்ச் சேர எத்தனை மணியாகும் என்று வீட்டில் யோசித்திருப்பார்கள். வகுப்பை 5.45-க்குத் தொடங்கி 7.15-க்கு விட்டாலே அந்த ஆறு பேருக்கும் வழி பிறக்கும். ஊர் என்ற ஒரு கட்டம் இல்லையென்றால் ஆசிரியரைக் குறை சொல்வோம், இல்லாவிட்டால் பீஸைக் குறைப்போம். இரண்டுமே தப்பான மருந்து.

அடுத்தது பாடம். டெமோவுக்கென்று முக்கோணவியலில் ஷார்ட்கட் காட்டி அசத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. ஜூனில் பள்ளியில் நடப்பது முதல் பாடம், உறவுகளும் சார்புகளும். அதையே எடுங்கள். மறுநாள் பள்ளியில் அந்தப் பிள்ளை கணக்கைப் போட்டுக் காட்ட வேண்டும், அதுதான் இரண்டாம் நாள் வரவைக்கும். சேர்ந்த பிறகு யார் வகுப்பெடுப்பாரோ அவரேதான் டெமோவும் எடுக்க வேண்டும். ஆளை மாற்றினால் முதல் மாத பீஸோடு நின்றுவிடுவார்கள், அந்தப் பெற்றோர் நாலு பேரிடமும் சொல்வார்கள்.

ஒவ்வொரு நாள் முடிவிலும் அரைத்தாளில் மூன்று கணக்கு கொடுத்து வாங்கிவையுங்கள். போன் பண்ணும்போது அந்தத் தாள் கையில் இருக்க வேண்டும். "அம்மா, டெமோ எப்படி இருந்துச்சு, எப்ப சேர்க்கிறீங்க?" என்று கேட்டால் "அவங்க அப்பா வரட்டும், கேட்டுட்டுச் சொல்றேன்" என்றுதான் பதில் வரும். "அம்மா, தம்பி கார்ட்டீசியன் பெருக்கல் ரெண்டும் சரியா போட்டிருக்கான். ஆனா ஒரு உறவு சார்பா இல்லையான்னு கண்டுபிடிக்கிற இடத்துல தடுமாறுறான். நாளைக்கு அதைத்தான் எடுக்கிறோம், அனுப்பி வைங்க" என்று சொல்லிப் பாருங்கள், பேச்சே வேறு மாதிரி போகும்.

முதல் நாள் வந்து இரண்டாம் நாள் வராதவர்களுக்கு அன்று இரவே, ஒன்பது மணிக்குள் பேச வேண்டும். சேரச் சொல்லாதீர்கள், ஏன் வரவில்லை என்று மட்டும் கேட்டு, சொன்னதை அப்படியே G-யில் எழுதுங்கள். மூன்று நாளும் வந்தவர்களின் பெற்றோரை மூன்றாம் நாள் வகுப்பு விடும் நேரத்துக்கு வரச் சொல்லி, தாள்களைக் கையில் கொடுத்து, பீஸையும் அப்போதே சொல்லிவிடுங்கள். "ரெண்டு சீட்தான் பாக்கி" என்ற பொய் வேண்டாம்.

வாட்ஸ்அப் பிராட்காஸ்ட்டை மட்டும் நம்பாதீர்கள். உங்கள் நம்பரை சேவ் செய்திருப்பவருக்குத்தான் அது போய்ச் சேரும், முந்தாநாள் பெயர் கொடுத்த பெற்றோர் சேவ் செய்திருக்க மாட்டார். அதற்காக எல்லாரையும் ஒரே குரூப்பில் போட்டால் ஒருவர் நம்பர் எல்லாருக்கும் தெரிந்துவிடும். தனித்தனியாகவே அனுப்புங்கள்.

இரண்டு முறை பேசியும் சேராதவரை விட்டுவிடலாம், ஷீட்டிலிருந்து மட்டும் அழிக்காதீர்கள். G-யில் "ஸ்கூல்லயே பார்த்துக்கிறோம்" என்று இருக்கும் வீடுகளுக்குக் காலாண்டுத் தேர்வுத் தாள் கைக்கு வந்த வாரத்தில் ஒரு போன், அந்தப் பழைய அரைத்தாளை வைத்துக்கொண்டு.