'மறைவு' என்ற சொல் இத்தாலியனிலும் இருக்கிறது

டூரினில் என் பக்கத்து மேசைக்காரர் ஒரு பிப்ரவரி மாதம் இறந்துபோனார். நான்கு வருடம் ஒன்றாக வேலை பார்த்தோம். அவர் மனைவிக்கு நானே கைப்பட எழுதவேண்டும், அதுவும் இத்தாலியனில் எழுதவேண்டும் என்று தோன்றியது. துக்கத்தில் இருப்பவரை இன்னொரு மொழியில் படிக்க வைக்கக்கூடாது என்பதுதான் என் எண்ணம். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

முதலில் மனசுக்குள் ஆங்கிலத்தில் யோசித்துவிட்டு எழுதினேன், எல்லாம் தப்பாகப் போனது. கடைசி வரியில் 'கொன் சிம்பத்தீயா' என்று முடித்திருந்தேன். ஆங்கிலத்தின் 'சிம்பதி' போலவே இருக்கிறதே என்ற தைரியம். எதிர் மேசைத் தோழி படித்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: சிம்பத்தீயா என்றால் ஒருவரைப் பார்த்ததும் பிடித்துப்போவது, அவ்வளவுதான். சாவு வீட்டுக்கு அது போகாது. அதற்கு முன்பு 'திஸ்தின்தி சலூத்தி' என்று போட்டு அடித்திருந்தேன். அது வங்கிக்கும் நகராட்சி அலுவலகத்துக்கும் எழுதுகிற முடிவு.

அப்புறம் இரண்டு பேரும் காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றபடி அந்தத் தாளைத் திருத்தினோம்.

நான் அவரை 'தூ' என்றுதான் கூப்பிடுவேன், அதாவது நம் 'நீ'. ஆனால் அவர் மனைவியை இரண்டே தடவைதான் பார்த்திருக்கிறேன். அதனால் கடிதம் முழுக்க 'லெய்', நம் 'நீங்கள்'. கடிதத்தில் மரியாதைக்காக அந்தச் சொல்லையும் 'உங்கள்' என்பதற்கான 'ஸூவோ'வையும் வரி நடுவில் வந்தாலும் பெரிய எழுத்தில் தொடங்கலாம். இதுபோன்ற கடிதத்துக்கு அது பொருத்தம் என்றாள் தோழி. குடும்பம் முழுவதையும் விளித்தால் 'வோய்'.

தொடக்கம் 'ஜென்தீலே சிஞ்ஞோரா', ஒரு காற்புள்ளி, அடுத்த வரி சிறிய எழுத்தில். கணவரின் குடும்பப்பெயரை அவருக்குச் சேர்த்துவிடாதே என்றாள். இத்தாலியப் பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டுப் பெயரையே வைத்துக்கொள்கிறார்கள். எனக்கு அந்தப் பெயர் தெரியாது என்பதால் வெறும் சிஞ்ஞோராவோடு விட்டோம்.

முதல் வாக்கியம், உங்கள் கணவரின் மறைவை ஆழ்ந்த வேதனையோடு அறிந்தேன் என்பது. 'மோர்த்தே', அதாவது சாவு, என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு 'ஸ்கொம்பார்ஸா' என்று எழுதினாள். கண்ணில் படாமல் போவது என்று அர்த்தம். நம் 'மறைவு' அப்படியே! அந்த நொடியில்தான் நான் ஆங்கிலத்தை விட்டுவிட்டுத் தமிழில் யோசிக்க ஆரம்பித்தேன்.

இன்னொரு சொல்லும் அப்படி. 'ஏ மன்காத்தோ' என்றால் காலமாகிவிட்டார். அதே வினையை எதிர்காலத்தில் வைத்து 'ச்சீ மன்கெரா' என்றால், அவர் இல்லாதது எங்களுக்கு உறைக்கும் என்று அர்த்தம். இதில் எழுவாய் போனவர், நாம் 'எங்களுக்கு' என்று நான்காம் வேற்றுமையில் நிற்கிறோம். 'எனக்குப் பசிக்கிறது' என்று சொல்லி வளர்ந்த நமக்கு இது சுலபம். ஆங்கில வழியில் போனால் எழுவாய் தலைகீழாகி, நான்தான் அங்கே இல்லை என்பது போல் ஆகிவிடும்.

நடுவில் நினைவு ஒன்றை எழுதினேன். என் முதல் குளிர்காலத்தில், பனி உறைந்த நடைபாதையில் எப்படிப் பாதம் வைக்க வேண்டும் என்று நடந்து காட்டினார். இரண்டு வரிதான். அதைத் தோழி தொடவே இல்லை, இலக்கணப் பிழை ஒன்றைத் தவிர. அந்த இரண்டு வரி இல்லாவிட்டால் தபால் நிலையத்தில் கொடுத்து அனுப்புகிற இரங்கல் தந்திதான். இத்தாலியில் அது இன்னும் இருக்கிறது.

முடிவில், உங்களுக்கும் குடும்பத்தாருக்கும் 'லே மியே ப்யூ சென்தீத்தே கொந்தொல்யான்த்ஸே'. இரங்கலைக் குறிக்கும் அந்தச் சொல் இந்த இடத்தில் எப்போதும் பன்மைதான். 'சென்தீத்தே' என்றால் உணர்ந்து சொல்வது. உங்கள் பக்கத்தில் நிற்கிறேன் என்பதற்கு 'வீச்சீனோ' என்று எங்கேயோ பார்த்து எழுதியிருந்தேன். அது ஆண் எழுதுவது. ஒற்றை எழுத்தை மாற்றி 'வீச்சீனா' ஆக்கினோம்.

கையெழுத்தில் என் இனிஷியலை விரித்து முழுப்பெயராக எழுதி, கீழே 'உங்கள் கணவரின் சக ஊழியர்' என்றும் சேர்த்தேன். வந்து குவியும் கடிதங்களில் அவர் என்னை யாரென்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

மொத்தம் ஏழு வரி. மரியாதை வடிவம் விலக்கி வைக்கும், குளிர்ச்சியாகத் தெரியும் என்று சிலர் சொல்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அன்று 'தூ' என்று எழுதியிருந்தால், அவர் தராத உரிமையை அவருடைய மிக மோசமான வாரத்தில் நானாக எடுத்துக்கொண்டதாக ஆகியிருக்கும்.

ஒரு மாதம் கழித்து நன்றி அட்டை வந்தது. எல்லோருக்கும் அச்சடித்ததுதான். அதன் கீழே பேனாவால், பனியில் நடக்க அவர் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார் என்று எழுதியிருந்தார். அடுத்த வரியில் 'தாம்மி தெல் தூ'. இனி என்னை நீ என்றே கூப்பிடு.