துப்பட்டாவை எடுத்தால் என்ன தப்பு?

மாம்பலத்தில் கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறேன். போன மாதம் மாப்பிள்ளைக்குச் சொந்தக்காரத் தம்பி ஒருவன் ரிசப்ஷன் படம் ஒன்றைக் காட்டினான். சுடிதாரில் நிற்பது மணப்பெண்ணின் தோழி. "அண்ணா, துப்பட்டாவ எடுத்துட்டு ஸ்லீவ்லெஸ்ஸா மாத்திக் குடுங்கண்ணா, சும்மா ஜாலிக்கு." முடியாது என்றேன். தன் போனில் இருந்த ஏஐ செயலியில் அவனே முயன்றான். அதுவும் மறுத்துவிட்டது. "கைதானேண்ணா, இதுல என்ன தப்பு?" என்று அவனுக்குக் கோபம்.

துப்பட்டாவுக்கு அடியில் இருப்பது அந்தப் படத்திலேயே கிடையாது. குறித்த இடத்தை அழித்துவிட்டு, சுற்றியிருப்பதை வைத்து ஏஐ ஒரு உடம்பைக் கற்பனையாக வரைகிறது. உடம்பு பொய், முகம் மட்டும் அவளுடையது. குரூப்பில் வந்து விழும் படத்தில் எது ஏஐ வரைந்தது என்று யார் பிரித்துப் பார்க்கிறார்கள்? அவள் அப்பாவின் போனுக்கும் அது போட்டோவாகத்தான் போகும்.

அவள் சம்மதித்தாளா என்று செயலிக்குத் தெரிய வழியில்லை. அதன் கையில் இருப்பது ஒரு படமும் ஒரு வரியும்தான். 'இது என் படம்' என்று யார் வேண்டுமானாலும் டைப் செய்யலாம். அதனால் உண்மையிலேயே தன் படத்தைக் கேட்பவரையும் சில சமயம் மறுக்கிறது. அந்தச் சிரமம் பரவாயில்லை என்பேன். அப்புறம், இன்று துப்பட்டா, அடுத்து கை, அடுத்து கழுத்து என்று ஒவ்வொன்றும் சின்ன மாற்றமாகத்தான் தெரியும். எவ்வளவு குறைகிறது என்பதைவிட, துணி குறைகிற பக்கம் போகிறதா, மூடுகிற பக்கம் போகிறதா என்று பார்ப்பதுதான் சரி.

மற்ற உடை வேலைகளுக்குத் தடை எதுவும் இல்லை. பாஸ்போர்ட் படத்துக்குக் கோட் மாட்டிவிடுவது நம் ஸ்டூடியோக்களின் பழைய வேலை. புடவை நிறம் மாற்றலாம், வேர்வைக் கறையை எடுக்கலாம், வெளியே தெரியும் ஸ்ட்ராப்பை மறைக்கலாம், விலகிய முந்தானையை மூடிவிடலாம்.

இதிலும் ஒரு இடத்தில் கவனம் வேண்டும். சென்ற வாரம் ஒரு மணப்பெண் தன் ஜாக்கெட்டில் தெரிந்த ஊக்கை மறைக்கச் சொன்னார். அவசரத்தில் ஏஐ கருவியில் தோளிலிருந்து மார்பு வரை பெரிதாகக் குறித்துவிட்டேன். ஊக்கு போயிற்று, கூடவே ஜாக்கெட்டின் கழுத்து இரண்டு விரல் கீழே இறங்கியிருந்தது. அவ்வளவு இடத்தையும் ஏஐ புதிதாக வரைந்துவிட்டது. சின்னப் படமாகப் பார்த்தால் தெரியாது. பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துப் பெரிதாக்கினால்தான் கழுத்துக் கோடு இறங்கியது தெரியும். அதை ரத்து செய்துவிட்டு, ஹீலிங் பிரஷ்ஷால் ஊக்கை மட்டும் தொட்டேன். பக்கத்துத் துணியின் இழையையே எடுத்து அந்த இடத்தில் நிரப்பும் கருவி அது. கழுத்து இருந்த இடத்திலேயே இருந்தது. இரண்டு படங்களையும் அவருக்குக் காட்டிய பிறகுதான் ஆல்பத்தில் வைத்தேன்.